வங்கி எழுத்தரின் பணி விலகல் கடிதம்: குடும்பத்தோடு வெளிநாடு செல்பவர் அதை எப்படி எழுதலாம்?

வங்கியில் எழுத்தராகப் பணிபுரியும் ஒருவர், வாழ்க்கைத் துணைக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்ததால் குடும்பத்தோடு அங்கே குடியேற முடிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கும் கிளை மேலாளருக்கும் இடையே எந்த மனக்கசப்பும் இல்லை. இனியும் வரக் கூடாது என்றே அவர் விரும்புகிறார். இந்த நிலையில் கடிதம் எழுத அமரும் பலர், நல்லுறவைக் காப்பது நன்றி சொல்லும் பத்தியின் வேலை என்று எண்ணி, அதிலேயே பாதிப் பக்கத்தைச் செலவிட்டுவிடுகிறார்கள். கிளை மேலாளரின் இருக்கையிலிருந்து பார்த்தால் நிலைமை வேறு. அந்தக் கடிதம் கைக்கு வந்த உடனே அவர் மேலிடத்துக்குக் குறிப்பு எழுத வேண்டும், மாற்று ஆள் கேட்க வேண்டும், கவுன்டரில் யாரை அமர்த்துவது என்று முடிவு செய்ய வேண்டும். இவை எதற்கும் நன்றியுரை உதவாது. கடைசி வேலை நாள் எது, ஒப்படைக்க வேண்டியவை எவை, நிலுவைகள் எப்படித் தீரும் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் இருந்தால், அந்தக் கடிதத்தின் நன்றி இரண்டே வரியாக இருந்தாலும் மேலாளர் மனத்தில் நல்லெண்ணம் தங்கும்.

கடிதத்தைப் படிக்கப்போவது மேலாளர் ஒருவர் மட்டும் அல்ல என்பதையும் தொடக்கத்திலேயே நினைவில் கொள்வது நல்லது. அது மனிதவளத் துறைக்குச் செல்லும். பணியாளரின் கோப்பில் நிரந்தரமாக இருக்கும். வெளிநாட்டில் அவர் பின்னர் வேலைக்குச் சேரும் நிறுவனம் பின்னணி விசாரணை நடத்தினால், இந்த வங்கியிலிருந்து பதில் எழுதுகிறவர் அந்தக் கோப்பைத்தான் எடுத்துப் பார்ப்பார். அன்றைய மேலாளர் அதற்குள் வேறு கிளைக்கு மாறிப் போயிருக்கலாம். ஆகவே அவருக்கு மட்டுமே புரியக்கூடிய குறிப்புகள், இருவருக்கும் இடையே நடந்த உரையாடலைத் தொட்டுச் செல்லும் வரிகள், உரிமையோடு சொல்லும் சிறு கேலிகள் ஆகியவை கடிதத்தில் வேண்டாம். அவற்றை நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

நேரில் சொல்வது என்றதும் வரிசை முக்கியமாகிறது. முதலில் மேலாளரிடம் நேரில் சொல்லி, அதே நாளிலோ மறுநாளிலோ கடிதத்தைக் கொடுப்பதே சரியான முறை. செய்தி சக ஊழியர் வாயிலாகவோ, அதைவிட மோசமாக, கவுன்டருக்கு வரும் வாடிக்கையாளர் வாயிலாகவோ மேலாளரை எட்டினால், பிறகு எவ்வளவு பணிவான கடிதம் எழுதினாலும் அந்தச் சங்கடம் முழுவதுமாக நீங்காது. நேரில் சொல்லும்போது நீண்ட விளக்கம் தேவையில்லை. "சார், குடும்பத்தோட வெளிநாடு போறது உறுதியாயிடுச்சு. ஜூலை இரண்டாவது வாரத்தோட விலகிக்கலாம்னு இருக்கேன். கடிதம் கொடுக்கறதுக்கு முன்னாடி உங்க காதுல போட்டுடணும்னு வந்தேன்" என்ற அளவு போதும். தேதியில் அவருக்கு ஏதேனும் சிரமம் இருந்தால் அந்த உரையாடலிலேயே அது தெரிந்துவிடும். கடிதத்தில் தேதியை எழுதுவதற்கு முன்னரே சரிசெய்துகொள்ளவும் முடியும்.

இதற்கும் முன்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது. குடும்பத்தினர் அனைவரின் விசாவும் கைக்கு வந்த பிறகே கடிதம் கொடுக்க வேண்டும். வாழ்க்கைத் துணையின் விசா முதலில் வந்து, மற்றவர்களுடையது தாமதமாவது அபூர்வம் அல்ல. விலகல் ஏற்றுக்கொள்ளப்பட்ட பிறகு அதைத் தன்விருப்பப்படி திரும்பப் பெறுவது பெரும்பாலான நிறுவனங்களில் இயலாது. வங்கியின் ஒப்புதல் வேண்டும். மேலாளர் அதற்குள் மாற்று ஆள் கேட்டுப் பெற்றிருந்தால், ஒப்புதல் கேட்பதே இருவருக்கும் தர்மசங்கடமாகிவிடும்.

அடுத்தது தேதி. கடிதத்தில் அதிகம் தவறு நேரும் இடம் இதுதான் என்பதால், ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டே பார்ப்போம். நம் எழுத்தரின் நியமன ஆணையில் அறிவிப்புக் காலம், அதாவது நோட்டீஸ், 30 நாள் என்று இருக்கிறது. குடும்பத்தின் பயணம் ஜூலை 25. கடிதத்தை ஜூன் 3 அன்று கொடுக்க எண்ணுகிறார். கொடுத்த நாளை விட்டுவிட்டு மறுநாளிலிருந்து எண்ணினால், ஜூன் 4 முதல் நாள். ஜூன் 30 வரை 27 நாள்கள். மீதி மூன்றும் ஜூலையில் சேர, 30 நாள் ஜூலை 3 அன்று நிறைவடைகிறது. விதிப்படி அன்றே அவர் விலகலாம். ஆனால் அவருடைய வங்கியில் ஜூன் 30 அன்று காலாண்டுக் கணக்கு முடிப்பு. முடிப்பையொட்டிய நாள்களில் சரிபார்ப்புகளும் திருத்தங்களும் தொடர்ந்து வரும். இன்னும் ஒரு வாரம் சேர்த்து ஜூலை 10 அன்று விலகுவதாக எழுதினால், முடிப்பு வேலை முழுவதற்கும் அவர் இருப்பார். சாவியையும் ரொக்கத்தையும் பதற்றமின்றி ஒப்படைக்கலாம். வீட்டைக் காலி செய்யவும் சொந்தங்களிடம் விடைபெறவும் அதன் பிறகும் இரண்டு வாரம் கிடைக்கும். தன் கையில் இருந்த ஒரு வாரத்தைக் கிளைக்காக விட்டுக்கொடுத்திருக்கிறார் என்பது மேலாளருக்குச் சொல்லாமலே விளங்கும். இப்படி ஒரு வாரம் கொடுப்பது, நன்றிப் பத்தியில் சேர்க்கும் எந்தச் சொல்லையும்விட உறவுக்கு வலு சேர்க்கும் என்பது என் கருத்து.

அறிவிப்புக் காலத்தை எண்ணும் முறை எல்லா வங்கியிலும் ஒன்றல்ல. சில இடங்களில் நாள் கணக்கு, சில இடங்களில் மாதக் கணக்கு. எஞ்சியிருக்கும் விடுப்பை அறிவிப்புக் காலத்தில் கழித்துக்கொள்ள அனுமதிப்பவர்களும் உண்டு, மறுப்பவர்களும் உண்டு. நியமன ஆணையையும் பணி விதிகளையும் எடுத்துப் பார்ப்பதே வழி. சக ஊழியரின் நினைவை நம்பக் கூடாது. கடிதத்தில் "ஒரு மாதத்தில் விலகுகிறேன்" என்றோ "கூடிய விரைவில் விடுவிக்க வேண்டுகிறேன்" என்றோ எழுதினால், தேதியைத் தீர்மானிக்கும் சுமை மேலாளர் தலையில் விழும். "ஜூலை 10, வெள்ளிக்கிழமை, அலுவல் நேர முடிவில்" என்று எழுதினால் அவர் அதை அப்படியே மேலிடத்துக்கான குறிப்பில் எடுத்து எழுதிவிடலாம். பின்னர் வரும் பணி விடுவிப்பு ஆணை, அனுபவச் சான்றிதழ், கடைசிச் சம்பளக் கணக்கு ஆகிய மூன்றிலும் இதே தேதி இருக்க வேண்டும். வெளிநாட்டில் ஆவணம் சரிபார்ப்பவர்கள் தேதிகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம்; ஒரு நாள் முரண்பட்டாலும் விளக்கம் கேட்கக்கூடும்.

காரணத்துக்கு ஒரே வாக்கியம் போதும்: "என் கணவரின் பணி நிமித்தம் குடும்பத்தோடு வெளிநாட்டில் குடியேற இருப்பதால்" என்று எழுதினால் மேலாளர் புரிந்துகொள்வார், மனிதவளத் துறையும் ஏற்றுக்கொள்ளும். இந்தக் காரணத்தின் சிறப்பு என்னவென்றால், அதில் வங்கியைப் பற்றிய எந்த மதிப்பீடும் இல்லை. மேலாளர் மீது யாரும் குறை காண முடியாது. இதோடு நிறுத்தாமல், "அங்கே எதிர்காலம் நன்றாக இருக்கும்", "குழந்தைகளுக்குத் தரமான கல்வி கிடைக்கும்" என்று நீட்டினால், வாசிப்பவருக்கு அது ஒப்பீடாகக் கேட்கத் தொடங்கும். கணவர் சேரும் நிறுவனத்தின் பெயர், அவருடைய பதவி, சம்பளம் ஆகியவையும் வேண்டாம். அவை அவருடைய செய்தி, வங்கிக் கோப்பில் இருக்க வேண்டியதில்லை. பணிச்சுமை, கிடைக்காத இடமாற்றம், தாமதமான பதவி உயர்வு போன்ற பழைய வருத்தங்கள் உண்மையாகவே இருந்தாலும் இந்தக் கடிதம் அவற்றுக்கு உரிய இடமல்ல. இருக்கிற காரணமே முழுமையான காரணமாக இருக்கும்போது இன்னொன்றைச் சேர்த்தால் இரண்டுமே சந்தேகத்துக்கு உள்ளாகும்.

இனி ஒப்படைப்புக்கு வருவோம். மற்ற அலுவலகங்களின் விலகல் கடிதத்துக்கும் வங்கி எழுத்தரின் கடிதத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெளிவாகத் தெரியும். காசாளர் கவுன்டரில் இருப்பவரிடம் ரொக்கம் இருக்கிறது. பல கிளைகளில் பெட்டகத்தின் இரண்டு சாவிகளில் ஒன்றை எழுத்தரோ தலைமைக் காசாளரோ வைத்திருப்பார். மற்றது அதிகாரி ஒருவரிடம் இருக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் பெட்டகம் திறக்கும். சாவி வைத்திருப்பவர் விலகுகிறார் என்றால், புதியவர் பெயரில் எழுத்துப்பூர்வமான ஆணை வேண்டும், சாவிப் பதிவேட்டில் இருவரும் கையொப்பமிட வேண்டும், அந்த நேரத்தில் ரொக்கம் முழுவதையும் எண்ணி இருப்போடு ஒத்துப் பார்க்க வேண்டும். இதைக் கடைசி நாள் மாலையில் வைத்துக்கொண்டால், ஒரு கட்டில் ஒரு தாள் குறைந்தாலும் அனைவரும் வீடு திரும்ப முடியாமல் அமர்ந்திருக்க நேரும். ஆகவே கடைசி நாளுக்கு இரண்டு மூன்று வேலை நாள் முன்னதாகவே சாவியையும் ரொக்கப் பொறுப்பையும் மாற்றிக்கொடுத்துவிட்டு, மீதி நாள்களில் ரொக்கம் சாராத வேலை பார்ப்பதாக மேலாளரிடம் முன்மொழிவது மிகவும் பயனுள்ளது. நம் எடுத்துக்காட்டில் அது ஜூலை 7, செவ்வாய்க்கிழமை.

கணினிப் பயனர் கணக்கும் இதே வகையில்தான் சேரும். விலகுபவர் தன் கடவுச்சொல்லைப் புதியவரிடம் சொல்லிவிட்டுப் போவது உதவி அல்ல; அது விதிமீறல், தணிக்கையில் மேலாளருக்கே சிக்கலாக முடியும். கணக்கை முடக்கும்படி எழுத்துப்பூர்வமாகக் கேட்டுக்கொள்வதே சரி. தான் போன பிறகு தன் பெயரில் எந்தப் பரிவர்த்தனையும் நடக்காது என்பது எழுத்தருக்கும் பாதுகாப்பு.

இத்தனை விவரத்தையும் கடிதத்துக்குள் கொட்ட வேண்டியதில்லை. கடிதத்தில் ஒரு பத்தி. விவரங்கள் தனி ஒப்படைப்புக் குறிப்பில். அந்தக் குறிப்பில் நிலுவையில் இருக்கும் வேலை, எந்தப் பதிவேட்டில் எந்தத் தேதி வரை முடிந்திருக்கிறது, யாருக்கு என்ன நினைவூட்ட வேண்டும் என்பவை இருக்கும். வாடிக்கையாளர் பெயரும் கணக்கு எண்ணும் அதில் வரும் என்பதால் அது கிளைக்குள்ளேயே இருக்க வேண்டும். "பிறகு சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல உதவும்" என்று அதன் படியைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்வது நல்ல எண்ணத்தில் செய்யப்படும் தவறு. வாடிக்கையாளர் தகவலைக் காக்கும் கடமை வேலையோடு முடிந்துவிடுவதில்லை.

எழுத்தர் பலரும் கடைசி வாரம் வரை தள்ளிப்போடும் விஷயம் பணியாளர் கடன். வீட்டுக் கடன், வாகனக் கடன், பண்டிகை முன்பணம் என்று எதுவாக இருந்தாலும், பணியாளர் என்ற தகுதியால் கிடைத்த குறைந்த வட்டி, விலகும் நாளோடு முடிவதே பொதுவான வழக்கம். சில கடன்களை முழுவதுமாகத் தீர்க்கச் சொல்வார்கள். வீட்டுக் கடன் போன்ற பெரியவற்றைப் பொதுமக்களுக்கான வட்டிக்கு மாற்றி, தவணையைத் தொடர அனுமதிப்பார்கள். நிலுவை தீராமலோ இப்படி மாற்றப்படாமலோ பணி விடுவிப்பு ஆணை பொதுவாக வராது. ஆணை வராமல் வெளிநாட்டுக்கு வேண்டிய சான்று முழுமை பெறாது. மேலாளர் இங்கே நடுவில் மாட்டிக்கொள்கிறார்: அவருக்கு விடுவிக்க மனம் இருந்தாலும் அதிகாரம் இருக்காது. கடிதம் கொடுப்பதற்கு முன்பே நிலுவைத் தொகை எவ்வளவு, மாற்றிய வட்டியில் தவணை எவ்வளவு ஆகும் என்று கணக்கிட்டு வைத்துக்கொண்டால், அவரிடம் சலுகை கேட்டு நிற்கும் நிலை வராது.

கடனைவிட எளிதில் மறந்துபோவது பிணை. சக ஊழியர் வாங்கிய கடனுக்கு எழுத்தர் எப்போதோ பிணைக் கையெழுத்துப் போட்டிருப்பார். வெளிநாடு சென்றுவிட்டால் அந்தப் பிணை தானாக நீங்காது. வேறொருவரைப் பிணையாளராக மாற்ற அந்தச் சக ஊழியருக்கு நேரம் வேண்டும் என்பதால், மேலாளரிடம் சொன்ன அன்றே அவரிடமும் சொல்லிவிடுவது முறை.

இவற்றையெல்லாம் வைத்து எழுதினால் கடிதம் இப்படி அமையும். ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அனுப்புநர்:
(பெயர்), எழுத்தர், பணியாளர் எண் ( )
(கிளையின் பெயர்)

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்,
(வங்கி, கிளையின் பெயர்)

நாள்: ஜூன் 3

பொருள்: பணியிலிருந்து விலகுதல், கடைசி வேலை நாள் ஜூலை 10, தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா,

இன்று காலை நேரில் தெரிவித்தபடி, என் கணவரின் பணி நிமித்தம் நான் குடும்பத்தோடு வெளிநாட்டில் குடியேற இருப்பதால், எழுத்தர் பணியிலிருந்து விலக முடிவு செய்துள்ளேன். என் நியமன ஆணையின்படி 30 நாள் அறிவிப்புக் காலம் ஜூலை 3 அன்று நிறைவடைகிறது. காலாண்டுக் கணக்கு முடிப்பையொட்டிய வேலைகளில் உடனிருக்க விரும்புவதால், ஜூலை 10, வெள்ளிக்கிழமை, அலுவல் நேர முடிவில் என்னைப் பணியிலிருந்து விடுவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

என் பொறுப்பில் உள்ள கவுன்டர் ரொக்கத்தையும் பெட்டகச் சாவியையும், தாங்கள் நியமிக்கும் பணியாளரிடம் ஜூலை 7 அன்று எண்ணி ஒப்படைக்கத் தயாராக இருக்கிறேன். தங்களுக்கு வசதியான வேறு நாள் இருந்தாலும் தெரிவிக்கலாம். நிலுவைப் பணிகள் பற்றிய ஒப்படைப்புக் குறிப்பை ஜூன் 26க்குள் தங்களிடம் அளிப்பேன். விலகும் நாளன்று என் கணினிப் பயனர் கணக்கை முடக்க ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன்.

என் பெயரில் உள்ள வாகனக் கடனின் நிலுவையைக் கடைசி வேலை நாளுக்கு முன் முழுமையாகச் செலுத்திவிடுவேன். அதன் பின்னர் நிலுவையின்மைச் சான்று, பணி விடுவிப்பு ஆணை, அனுபவச் சான்றிதழ் ஆகியவற்றை வழங்கப் பரிந்துரைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கவுன்டர் பணியில் புதிதாக அமர்ந்த நாள்களில், இருப்பு ஒத்துவராத மாலைகளில் தாங்களே உடனிருந்து சரிபார்க்கக் கற்றுக்கொடுத்ததை நன்றியோடு நினைக்கிறேன். விலகிய பின்னரும் ஒப்படைப்புத் தொடர்பான விளக்கம் தேவைப்பட்டால், கீழ்க்கண்ட மின்னஞ்சலில் என்னைத் தொடர்புகொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
(பெயர், சொந்த மின்னஞ்சல் முகவரி)

கடிதத்தின் பொருள் வரியிலேயே தேதி வந்துவிடுவது வேண்டுமென்றே செய்யப்பட்டது. கோப்பைப் புரட்டுபவர் முதலில் பார்ப்பது அந்த வரியை. நன்றிக்கு ஒரு வாக்கியம்தான் இருக்கிறது. ஆனால் அது நடந்த ஒன்றைச் சொல்கிறது. "தங்களின் சீரிய தலைமையில் பணியாற்றும் பெரும் பேறு பெற்றேன்" என்ற வாக்கியத்தை எந்த ஊழியரும் எந்த மேலாளருக்கும் எழுதலாம், ஆகவே அதைப் படித்து யாரும் மகிழ்வதில்லை. நினைவில் நிற்கும் ஒரு நிகழ்வு கிடைத்தால் எழுதுங்கள். கிடைக்காவிட்டால் "இதுவரை அளித்த ஒத்துழைப்புக்கு நன்றி" என்று முடித்துக்கொள்வதில் குறை ஒன்றும் இல்லை. மேலாளர் பெண் என்றால் "மதிப்பிற்குரிய அம்மா" என்று தொடங்கலாம். தொடர்புகொள்ளலாம் என்று சொன்ன வாக்கியத்தில் "ஒப்படைப்புத் தொடர்பான" என்ற சொற்கள் அவசியம். எப்போது வேண்டுமானாலும் எதைப் பற்றியும் கேட்கலாம் என்று எழுதிவிட்டு, நேர வித்தியாசம் உள்ள நாட்டில் அமர்ந்துகொண்டு பதில் தராமல் இருப்பது, எழுதாமல் இருப்பதைவிட மோசமானது.

சேமநல நிதி, விடுப்புக்கு ஈடான தொகை, சம்பளக் கணக்கை வெளிநாட்டில் வசிப்பவருக்கான கணக்காக மாற்றுதல் ஆகியவை இந்தக் கடிதத்தில் இல்லை. அவற்றுக்குத் தனித்தனி விண்ணப்பங்கள் உண்டு. விலகல் கடிதத்தில் சேர்த்தால் அது கோரிக்கை மனுவாகத் தோன்றும். ஆனால் வங்கியில் உள்ள கணக்கைத் தொடர விரும்பினால், வசிக்கும் நாடு மாறும் செய்தியையும் புதிய முகவரியையும் உரிய படிவத்தில் வங்கிக்குத் தெரிவிப்பது கடமை. அதை முன்னாள் ஊழியரே செய்யாமல் விட்டால் கிளைக்குத்தான் அவப்பெயர்.

கடிதத்தைக் கையொப்பமிட்டு இரண்டு படிகளாக எடுத்துச் சென்று, ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு மேலாளரின் கையொப்பமும் கிளை முத்திரையும் வாங்கிக்கொள்ள வேண்டும். நல்லுறவு இருக்கும் இடத்தில் இதைக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். அறிவிப்புக் காலம் எந்த நாளில் தொடங்கியது என்பதற்கு அந்தப் படிதான் சான்று. கேட்டால் எந்த மேலாளரும் தவறாக எண்ணுவதில்லை, அவரும் தினமும் அத்தகைய ஒப்புகை தருகிறவர்தான். மின்னஞ்சலிலும் அனுப்பச் சொன்னால், அதே கடிதத்தை இணைத்து, ஒரு சொல்லும் மாற்றாமல் அனுப்ப வேண்டும்.

சில நாள் கழித்து மேலாளர் அழைத்து, மாற்று ஆள் வரத் தாமதமாகிறது, ஜூலை 17 வரை இருக்க முடியுமா என்று கேட்கலாம். முடியும் என்றால், வாய்மொழியாக ஒப்புக்கொண்டு அப்படியே விட்டுவிடாமல், "ஜூன் 3 தேதியிட்ட என் கடிதத்தில் குறிப்பிட்ட கடைசி வேலை நாளை, தங்கள் கோரிக்கையின்படி ஜூலை 17 என மாற்றிக்கொள்ளச் சம்மதிக்கிறேன்" என்று ஒரு வரிக் கடிதம் கொடுத்து, அதற்கும் ஒப்புகை பெற வேண்டும். முடியாது என்றால், பயணத் தேதியைக் காரணமாகச் சொல்லி மறுத்துவிட்டு, அதற்கு ஈடாகச் சாவி மாற்றத்தை ஜூன் மாதத்துக்கே முன்னதாக நகர்த்தி, பொறுப்பேற்பவரோடு கவுன்டரில் சில நாள் உடன் அமர்வதாகச் சொல்லலாம். அப்போது மாற்று ஆள் தாமதமாக வந்தாலும், கிளையில் ஏற்கெனவே இருக்கும் ஒருவரைப் பழக்கிவிட மேலாளருக்கு வழி கிடைக்கும்.